அலுவலக வாசலிலும் ரயிலிலும் ஒருவர் பின்தொடர்ந்தால்: குறித்து வைப்பதிலிருந்து எஃப்.ஐ.ஆர். வரை

"ஒரு ஆள் தினமும் பின்னால் வருகிறான்" என்று காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால், அடுத்து வருவது ஆறுதல் இல்லை, கேள்விகள்தான். எப்போதிலிருந்து? எத்தனை தடவை? எந்த இடத்தில்? உங்களிடம் பேச வந்தானா? நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்களா? பயத்திலும் அலைச்சலிலும் இருக்கிற பெண் "ஒரு மாசமா, அடிக்கடி" என்றுதான் பதில் சொல்ல முடியும். பெரும்பாலான புகார்கள் அந்த இடத்திலேயே பலமிழந்து, "சரிம்மா, கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்புறோம்" என்பதோடு முடிந்துவிடுகின்றன.

அந்தக் கேள்விகள் சட்டத்திலிருந்தே வருகின்றன. பின்தொடர்தல் 2013-இல்தான் இந்தியாவில் தனிக் குற்றமானது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து, அவளோடு தொடர்புகொள்கிறான் அல்லது தொடர்புகொள்ள முயல்கிறான்; அவளுக்கு விருப்பமில்லை என்பது தெளிவாகத் தெரிந்த பிறகும் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். பிரிவின் சாரம் இதுதான். ஆக, நிரூபிக்க வேண்டியவை மூன்று: திரும்பத் திரும்ப நடந்தது, அவன் நெருங்க முயன்றது, நீங்கள் மறுத்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு குறிப்பு எழுதினால், காவல் நிலையத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் பதில் கையில் இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றியதுதான். நான் ஒரு நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தவள். நல்ல குறிப்பு இருந்த புகாரும் இல்லாத புகாரும் எப்படி வேறு வேறு திசையில் போகின்றன என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில், அந்த நேரத்தில்

யாரோ பின்னால் வருவதுபோல் தோன்றினால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். வீடு எது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்தால், தெரியாமலே இருக்கட்டும். சந்தேகம் தீர ஒரு வழி, நீங்கள் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்வது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள், அல்லது மருந்துக்கடைக்குள் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவனும் கடந்து வந்து நின்றால், அது தற்செயல் இல்லை.

உள்ளே போக ஏற்ற இடம் வெளிச்சமும் ஆட்களும் கேமராவும் இருக்கிற இடம்: மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், அலுவலகக் காவலாளி அறை, ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை. அங்கிருந்து 112-ஐ அழைக்கலாம். ரயிலிலோ பிளாட்பாரத்திலோ இருந்தால் 139, அல்லது ரயில்வே காவல்துறையின் 1512. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை முன்கூட்டியே போனில் போட்டு, அவசரப் பொத்தானை ஒருமுறை திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கும்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆலோசனைக்கும் அடுத்து எங்கே போவது என்று கேட்கவும் 181 இருக்கிறது.

அவனிடம் தனியாகப் போய்ச் சண்டை போடவோ, முகத்துக்கு எதிரே போனை நீட்டிப் படம் பிடிக்கவோ வேண்டாம். தூரத்திலிருந்து, அல்லது கடைக்குள்ளிருந்து எடுத்த மங்கலான படம் போதும். அடையாளத்துக்குப் பிறகு வேறு வழிகள் உண்டு.

ஒரே ஒரு முறை, தெளிவாக 'வேண்டாம்'

பலர் மௌனமாக ஒதுங்கிப் போவார்கள், வேகமாக நடப்பார்கள், வேறு பெட்டியில் ஏறுவார்கள். இயல்பான செயல்தான். சட்டத்தின் முன் இதுவும் விருப்பமின்மையைக் காட்டும், ஆனால் "அவங்க ஒண்ணும் சொல்லலையே சார்" என்று அவன் சொல்ல இடம் இருக்கும். அந்த இடத்தை அடைக்க ஒரு வாக்கியம் போதும்: "என் பின்னால் வராதீங்க, என்கிட்ட பேசாதீங்க, எனக்கு விருப்பமில்லை." காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். 'எனக்கு நிச்சயமாகிவிட்டது', 'வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்ற மாதிரி சமாளிப்புகள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பேரம் பேசுவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்கள் இருக்கிற இடத்தில், சக ஊழியரோ காவலாளியோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். அவன் செய்தி அனுப்புகிறவனாக இருந்தால் அதே வாக்கியத்தை ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டு, படம் எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எதற்கும் பதில் சொல்லாதீர்கள். உடனே எண்ணைத் தடுத்துவிடத் தோன்றும். முதலில் வந்தவை எல்லாவற்றையும் சேமித்துவிட்டு அப்புறம் தடுங்கள். நேரில் சொல்வது ஆபத்து என்று உங்கள் உள்மனம் சொன்னால் சொல்லவே வேண்டாம். காவல்துறை மூலமாகவே அந்த மறுப்பு போகட்டும்.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும்

தாள் கிழிக்க முடியாத, தைத்த நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்றிரவே எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே தொடருங்கள், வெள்ளை மை பூச வேண்டாம். எழுதியதைப் போனில் படம் எடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பினால், அன்றைக்கே எழுதியது என்பதற்கு நேரமுத்திரை கிடைத்துவிடும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் வீடு, கிண்டியில் அலுவலகம். மின்சார ரயிலில் போய் வருகிற ஒரு பெண். அவர் முதலில் எழுதியது இப்படி இருந்தது என்று வையுங்கள்:

*"இன்னைக்கும் அந்த ஆள் வந்தான். ஒரே பயம். எப்பவும் இப்படியே பண்றான்."*

உண்மைதான், ஆனால் இதை வைத்து விசாரணை அதிகாரி எதையும் சரிபார்க்க முடியாது. அதே சம்பவம் இப்படி எழுதப்பட்டால்:

*"மார்ச் 10, செவ்வாய். மாலை 6.38-க்கு அலுவலக வாசலில் அட்டை தேய்த்து வெளியே வந்தேன். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் அவன். சாம்பல் நிறச் சட்டை, கறுப்புத் தோள்பை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மார்ச் 3, 5 தேதிகளில் பார்த்த அதே ஆள். கிண்டி நிலையம் வரை ஏறக்குறைய பத்தடி பின்னால் வந்தான். 6.55 மணி அளவில் தாம்பரம் போகும் ரயிலில் நான் மகளிர் பெட்டியில் ஏறினேன், அவன் அடுத்த பெட்டியில் ஏறினான். குரோம்பேட்டையில் இறங்கியதும் படிக்கட்டில் பக்கத்தில் வந்து 'நம்பர் மட்டும் குடு, போயிடுறேன்' என்றான். 'வேண்டாம், என் பின்னால் வராதீங்க' என்று சத்தமாகச் சொன்னேன். பூக்கார அக்கா பார்த்தார். வெளியே பைக்கில் ஏறிப் போனான். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிந்தது, குறித்திருக்கிறேன். 7.40-க்கு என் அண்ணனிடம் போனில் சொன்னேன்."*

இரண்டாவதில் சட்டம் கேட்கிற மூன்றும் இருக்கின்றன. திரும்ப வந்தது, நெருங்கியது, மறுப்பு. சரிபார்க்கக்கூடிய விஷயங்களும் இருக்கின்றன. அட்டை தேய்த்த நேரம் அலுவலகக் கணினியில் பதிவாகியிருக்கும். பூ விற்கிறவரை விசாரிக்கலாம். அண்ணனிடம் பேசிய அழைப்பு போனில் இருக்கும். உங்கள் சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். அசிங்கமாக இருந்தாலும் 'கெட்ட வார்த்தை சொன்னான்' என்று மாற்ற வேண்டாம், புகாரில் எந்தப் பிரிவு சேரும் என்பது அந்தச் சொற்களைப் பொறுத்தது. மிரட்டல் இருந்தால் 351-ஆவது பிரிவு வரும். பேசாமல், தொடாமல், சைகையாலோ உங்கள் தனிமையில் குறுக்கிட்டோ அவமதித்தால் 79-ஆவது பிரிவு உண்டு. பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் தொல்லைக்கென்றே தமிழ்நாட்டில் 1998-இல் வந்த தனிச் சட்டமும் இருக்கிறது. எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை இல்லை. நடந்ததைச் சிதையாமல் எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நிச்சயமில்லாததை நிச்சயம்போல் எழுதாதீர்கள். 'அவனாக இருக்கலாம், முகம் சரியாகத் தெரியவில்லை' என்று எழுதுவது குறிப்பைப் பலவீனமாக்காது, மற்ற பக்கங்களுக்கு நம்பகம் சேர்க்கும். அவன் வராத நாட்களையும் ஒரு வரியில் எழுதலாம். எந்தக் கிழமையில், எந்த ஷிஃப்டில் வருகிறான் என்பது அதிலிருந்து தெரியவரும். உங்கள் நேர அட்டவணை அவனுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கும் சில சமயம் அதிலேயே விடை இருக்கும்.

கேமரா பதிவு காத்திருக்காது

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு மென்பொருள் ஊழியர் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமராவே இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடங்களின் பதிவுகளை வைத்துத்தான் காவல்துறை ஆளைத் தேடியது. இன்று நிலையங்களிலும் கடைகளிலும் கேமராக்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துகொண்டே இருக்கும். சின்னக் கடையில் ஒரு வாரத்திலேயே போய்விடலாம், பெரிய கட்டடத்தில் ஒரு மாதம் தாங்கலாம். 'எல்லாம் சேர்ந்ததும் புகார் கொடுப்போம்' என்று காத்திருந்தால் முதல் சம்பவங்களின் பதிவு போயிருக்கும்.

தனியார் கடையோ ரயில்வேயோ பதிவை உங்கள் கையில் தர மாட்டார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம். அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் போதும்:

*"மார்ச் 10 அன்று மாலை 6.30 முதல் 7.00 வரை உங்கள் வாசல் கேமராவில் பதிவான காட்சி ஒரு காவல்துறைப் புகாருக்குத் தேவைப்படுகிறது. அதை அழியாமல் தனியே சேமித்து, காவல்துறை கேட்கும்போது தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."*

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். புகாரில் அந்தக் கடையின் பெயரையும் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எழுதிவிட்டால், விசாரணை அதிகாரிக்கு நேராக அங்கே போக முடியும்.

உங்கள் போனில் இருக்கும் படம், குரல்பதிவு, செய்திகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வெட்டவோ, வட்டம் போடவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்து, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். அனுப்ப வேண்டியிருந்தால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் இணைக்க வேண்டும், அதனால் அந்தப் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

அவன் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஆள் உஷாராகிவிடுவான், நீங்கள் தவறான ஆளைக் காட்டியிருந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அலுவலகத்தில் யாரிடம், என்ன கேட்பது

'வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று சொல்லும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அது சரியில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பணியிடம் என்று சொல்வதில் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் அடங்கும். ஆகவே நிறுவனக் கேபில் நடந்தால் அது பணியிடத்தில் நடந்ததுதான். பின்தொடர்கிறவர் சக ஊழியரென்றால் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம், கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். போதிய காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். விசாரணை நடக்கும்போதே அவரை வேறு இடத்துக்கு மாற்றவோ, உங்களுக்கு விடுப்புத் தரவோ கேட்கலாம்.

அவன் வெளி ஆளாக இருந்தாலும் வழி அடைபடவில்லை. அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றவழக்குக் கொடுக்க விரும்பும் பெண்ணுக்கு உதவுவதை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. நடைமுறையில் மனிதவளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: வாசல் கேமரா பதிவைச் சேமித்தல், உங்கள் அட்டைப் பதிவின் அச்சுப்படி, வாசல் காவலாளிகளுக்கு அவனுடைய அங்க அடையாளம், சில வாரங்களுக்கு ஷிஃப்ட் நேர மாற்றம் அல்லது கேப். வாய்மொழியாகச் சொன்னால் நாளை யாரும் கேட்டதாக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் எப்போது வருகிறீர்கள் போகிறீர்கள் என்று போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று வரவேற்பறைக்கும் ஒரு வார்த்தை போகட்டும்.

காவல் நிலையத்தில்

நம் உதாரணத்தில் கிண்டி அலுவலக வாசல் சென்னை மாநகரக் காவலின் எல்லை, ரயிலும் பிளாட்பாரமும் ரயில்வே காவல்துறையின் எல்லை, குரோம்பேட்டை தாம்பரம் ஆணையரகத்தின் எல்லை. 'இது எங்க லிமிட் இல்லை' என்று அலைய விடுவது இங்கேதான் நடக்கும். அலைய வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பின்தொடர்தல் புகாரில் உங்கள் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். இரவில் அப்படி யாரும் இல்லையென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, உங்களுக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியில் நீங்கள் யார், என்ன கேட்கிறீர்கள். அடுத்து தேதி வரிசையில் சம்பவங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. எந்த நாளில் என்ன சொல்லி மறுத்தீர்கள் என்பது தனிப் பத்தியாக, கண்ணில் படும்படி. கடைசியில் சாட்சிகள், கேமராக்கள், வண்டி எண். குறிப்பேட்டின் நகலை இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். யாராவது கேட்டு வாங்கினால் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அவன் பெயர் தெரியாவிட்டாலும் புகார் செல்லும்.

கொடுத்த உடனே சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். அது புகார் வந்ததற்கான பதிவு, எஃப்.ஐ.ஆர். இல்லை. பின்தொடர்தலுக்கு முதல் தடவை தண்டனை மூன்றாண்டு வரை. மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரும் குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை நடத்த இப்போது சட்டம் இடம் தருகிறது. ஆகவே 'விசாரிச்சுட்டுப் போடுறோம்' என்றால் அதற்கும் ஒரு கெடு உண்டு. பதினைந்தாம் நாள் சி.எஸ்.ஆர். எண்ணோடு போய் நிற்கலாம். எஃப்.ஐ.ஆர். ஆனதும் நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரமென்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் அந்த ரசீதுகளோடு நீதித்துறை நடுவரை அணுகலாம். புகாரின் நிலையை eservices.tnpolice.gov.in தளத்திலும் பார்க்கலாம்.

நிலையத்திலேயே பெரியவர்களை வைத்துப் பேசி, 'இனி செய்ய மாட்டேன்' என்று அவனிடம் எழுதி வாங்கி அனுப்புவது இங்கே பழகிப்போன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலையத்தை விட்டுப் போனதும் அவனைக் கட்டுப்படுத்த அந்தக் கடிதத்துக்குத் தனியே சட்ட பலம் இல்லை. சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. வீட்டார் வற்புறுத்தி சம்மதித்தாலும், அவன் எழுதிக் கொடுத்ததன் நகலை வாங்கி வையுங்கள். பின்தொடர்ந்ததை அவனே ஒப்புக்கொண்ட காகிதம் அது. அதற்குப் பதிலாக, நிர்வாக நடுவர் முன் நிறுத்தி நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கச் சொல்லிக் கேட்கலாம். அதை மீறினால் விளைவு உண்டு.

புகாருக்குப் பிறகு

முதல் தடவை இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைதானாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் சில வாரங்களில் வேறு ரயில், வேறு வாசல், கூட ஒரு ஆள் என்று ஏற்பாடு இருக்கட்டும். விசாரணை அதிகாரியின் பெயரும் நேரடி எண்ணும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு அவன் மறுபடி வாசலில் நின்றாலோ, தெரிந்தவர் மூலம் 'கேஸை வாபஸ் வாங்கு' என்று சொல்லி அனுப்பினாலோ, அதே எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் வாக்குமூலமாகக் கொடுங்கள். நடுவர் முன் உங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும் இந்தக் குற்றத்தில் வழி உண்டு, அதிகாரியிடம் கேளுங்கள். வேலை மாறினாலும், ஊர் மாறினாலும் குறிப்பேடு, சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். நகல்கள் ஒரே உறையில் உங்களோடு வரட்டும். இரண்டாம் முறை குற்றம் நிரூபணமானால் தண்டனை ஐந்தாண்டு வரை போகும், அது ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் ஆகிவிடும். அவன் இன்னொரு பெண்ணின் பின்னால் போய், அவர் புகார் கொடுக்கும் நாளில் உங்கள் வழக்கு எண்ணைக் காவல்துறை தேடக்கூடும்.